ஜாம்பி வரும் பின்னே, சேதி வரும் முன்னே

வீட்டு முற்றத்தில் செடிகளை நட்டு, நடந்து வரும் ஜாம்பிகளைத் தடுத்து நிறுத்த வேண்டும். 2009இல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ விளையாட்டின் கதை இவ்வளவுதான். வீடியோ கேம் பக்கமே போகாதவர்களையும் இது இழுத்தது. அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், தன் அம்மாவை எப்படி இதை விளையாட வைத்தார் என்பதையே தலைப்பாக்கி, 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பேசினார். திரையில் ஒரே நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் காட்டக்கூடாது, படிக்க வைப்பதைவிடச் செய்ய வைப்பதே மேல் என்பவை அவர் அங்கே சொன்ன யோசனைகளில் சில.

இந்த விளையாட்டை முதல்முறை பார்ப்பவர்களுக்காக விளக்கக் காணொளி எடுப்பவருக்கும் அதே சவால்தான். விளையாடிக் காட்டுவது எளிது. கூடவே வியூகத்தைச் சொல்லித் தரவேண்டும், கேட்பவருக்கு அலுக்கவும் கூடாது. அதற்கு வர்ணனையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதும் நேரமும் முக்கியம்: முதலில் விளையாடிப் பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவைப் பார்த்தபடி எழுதி, பிறகு குரல் கொடுப்பது புதியவர்களுக்குச் சுலபம். அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்கும். அதனால் ஆபத்து வருவதற்கு முன்பே அதைச் சொல்லிவைக்க முடியும்.

புதிய வர்ணனையாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். “இங்க ஒரு செடி வெக்கிறேன், அங்க ஒண்ணு வெக்கிறேன்” என்று திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வார்கள். பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. ஏன் அங்கே வைத்தார், வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஆட்டத்தின் முதல் நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். முற்றத்தில் ஐந்து வரிசைகள், வரிசைக்கு ஒன்பது கட்டங்கள். இங்கே பணம் என்பது ‘சன்’. தொடங்கும்போது கையில் 50 சன் இருக்கிறது. வானத்திலிருந்தும் அவ்வப்போது 25 சன் விழும். பட்டாணியைச் சுடும் பீஷூட்டர் செடியின் விலை 100. சூரியகாந்தியின் விலை 50. அது யாரையும் சுடாது. ஏறக்குறைய 24 விநாடிக்கு ஒருமுறை 25 சன் தரும். புதிதாக ஆடுபவர் பயத்தில் பீஷூட்டருக்காகவே காத்திருப்பார். அனுபவசாலி உடனே சூரியகாந்தியை நடுவார். இந்த வேறுபாட்டை வர்ணனை இப்படிச் சொல்லலாம்:

“கையில 50 சன்தான் இருக்கு. சுடுற செடி வேணும்னா இன்னும் 50 சேரணும். காத்திருக்கலாமா, இல்ல இப்பவே சூரியகாந்தி வெக்கலாமா? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

இந்த இடத்தில் இரண்டு விநாடி மௌனம். பிறகு செடி மண்ணில் இறங்குகிறது.

“வெச்சாச்சு. இது ரெண்டு தடவை சன் குடுத்துட்டா போட்ட முதல் திரும்பிடும். அப்புறம் வர்றதெல்லாம் லாபம்.”

கேள்வி, செயல், காரணம் என்ற இந்த வரிசையில்தான் சுவை இருக்கிறது. கேள்வி கேட்ட கணமே பார்ப்பவர் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுவார். விடை தெரியும்வரை நகரமாட்டார். காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த எதிர்பார்ப்பு போய்விடும்.

அடுத்து, முதல் ஜாம்பி. பழுப்புக் கோட்டும் டையும் அணிந்து தள்ளாடி வருகிறது. ஒரு கட்டத்தைக் கடக்க அதற்கு ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். பத்துப் பட்டாணி பட்டால் விழுந்துவிடும். பீஷூட்டர் ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு ஒரு பட்டாணி சுடுவதால், பதினைந்து விநாடியில் கதை முடியும். ஆக, ஜாம்பி நாலு கட்டம் தள்ளி வரும்வரை பீஷூட்டரை நடாமல் பொறுக்கலாம். அந்த இடைவெளியில் இன்னொரு சூரியகாந்தி நட்டுவிடலாம். இந்தக் கணக்கை அப்படியே ஒப்பித்தால் வகுப்பறை வாடை அடிக்கும். எழுதிவைத்த வர்ணனை இதை இப்படிக் கொண்டுவரலாம்:

“மூணாவது வரிசையில ஒருத்தர் வர்றார். பதறாதீங்க. டை கட்டிருக்கார், ஆனா திங்கட்கிழமை ஆபீசுக்குப் போறவர் மாதிரி நடக்கிறார். அவர் நாலு கட்டம் கிட்ட வர்றதுக்குள்ள நாம இன்னொரு சூரியகாந்தி வெச்சிடலாம்.”

இந்த நகைச்சுவைக்கு ஒரு வேலை இருக்கிறது. கேட்பவர் சிரித்ததை நினைவில் வைத்திருந்தால், ஜாம்பி மெதுவாகத்தான் வரும், அவசரப்படத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பார். விளையாட்டோடு ஒட்டாத சிரிப்பு இப்படிப் பயன்படாது. நடுவில் சினிமா வசனம் ஒன்றைச் செருகினால், அதன் பிறகு வரும் முக்கியமான வரி காதில் ஏறாமல் போகும்.

தவறான வழியையும் காட்டினால் வியூகம் ஆழமாகப் பதியும். அதே கட்டத்தை வேண்டுமென்றே பீஷூட்டரை முதலில் வாங்கி ஆடி, அரை நிமிடத் துண்டாகச் சேர்க்கலாம். ஒரு வரிசையில் மட்டும் காவல் இருக்கும். வேறு வரிசையில் ஜாம்பி வரும்போது கையில் சன் இருக்காது. அது வீட்டை நெருங்கியதும் புல்வெட்டும் இயந்திரம் சீறிக் கிளம்பி அந்த வரிசையையே துடைத்துவிடும். “ஒரு வரிசைக்கு ஒரு தடவைதான் இந்த மிஷின். இந்த வரிசையில இனிமே காப்பாத்த யாரும் இல்ல” என்ற வரி இங்கே போதும். தோல்வியை நேரில் பார்த்தவருக்கு அறிவுரை தேவைப்படாது.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை ஒரு காணொளிக்கு மூன்று புதிய பெயர்கள் தாராளம்: சன், சூரியகாந்தி, பீஷூட்டர். தலையில் கூம்பு கவிழ்த்த ஜாம்பி விழ 28 பட்டாணி வேண்டும் என்பது சுவையான தகவல்தான். ஆனால் அந்த ஜாம்பி திரைக்கு வரும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும்.

பேசாமல் இருக்கவேண்டிய இடங்களையும் எழுத்திலேயே குறித்துவைக்க வேண்டும். பெருங்கூட்டம் வருவதாகச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை தோன்றும். கொடி ஏந்திய ஜாம்பி முன்னே வரும். அந்த அமளியில் கணக்கு விளக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு முன் கிடைக்கும் அமைதியான பத்து விநாடியில், “ஒவ்வொரு வரிசையிலும் சுடுற செடி இருக்கான்னு எண்ணிப் பாருங்க, ரெண்டாவது வரிசை காலி” என்று சொல்லிவிடலாம். அலை வந்ததும் பார்ப்பவரின் கண் தானாகவே இரண்டாவது வரிசைக்குப் போகும்.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, படத்தை மறைத்துவிட்டு குரலை மட்டும் ஆட்டம் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுவது. எந்தச் செடியை முதலில் நடவேண்டும், ஏன் என்று அவரால் சொல்ல முடிந்தால் வியூகம் சேர்ந்துவிட்டது. இரண்டாவது, வெளியிட்ட பிறகு யூடியூபின் ஸ்டுடியோ பக்கத்தில் வரும் வரைபடம். எந்த விநாடியில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று அது காட்டும். கோடு செங்குத்தாக இறங்கும் இடத்தில் வர்ணனையைப் படித்துப் பார்த்தால், ஆட்டம் தொடங்கும் முன் நீண்டுபோன அறிமுகமோ, அலை நடுவே ஓடிய விளக்கமோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த காணொளிக்கு எழுதும்போது, அந்த வரிகளை முதல் ஜாம்பி நடந்து வரும் இடைவெளிக்கு நகர்த்திவிடலாம்.