புளித்த மாவும் ஊசிய மாவும்

தில்லியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை ஜனவரி மாதத்தில் குளிர்பதனப் பெட்டியோடு போட்டியிடும். அப்படியொரு சனிக்கிழமை இரவு, மறுநாள் காலை வரவிருந்த விருந்தினர்களுக்காக நான்கு தம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து என்ற வழக்கமான கணக்கில் மாவு அரைத்தோம். குளிரில் மாவு பொங்காது என்ற அச்சத்தில், கரைக்கும்போது அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரைத் தாராளமாக ஊற்றிக் கலந்தோம். பின்னர் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அறைச் சூடேற்றியின் அருகில் வைத்துவிட்டு உறங்கச் சென்றோம்.

காலையில் மூடியைத் திறந்தபோது மாவு வைத்த மட்டத்திலேயே இருந்தது. மேலே நீர் தனியே தெளிந்து நின்றது. கரண்டியை விட்டுத் தூக்கினால், மெல்லிய நூலாக இழுபட்டுக்கொண்டு வந்தது. புளிப்பு மணம் சிறிதும் இல்லை. மாறாக, ஈரத்துணியை மூடி வைத்தாற்போன்ற ஒரு கெட்ட வாடை வீசியது. “புளிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிக் கெட்டுப்போயிருக்கும்? ஆவியில் வெந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர். ஐந்து தம்ளர் தானியத்தைக் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் கொட்டினோம். அது சரியான முடிவுதான் என்பதற்கான காரணம் அந்தப் பெரியவரின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

புளித்தலும் கெடுதலும் ஒரே பாதையின் முன் பின் கட்டங்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மிகுதியாகப் புளித்தால் கெட்டது, குறைவாகப் புளித்தால் நல்லது என்பது அந்தக் கணக்கு. உண்மையில் இவை இரண்டு வேறு பாதைகள். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதும் அதனால்தான் போலும்: ஒன்று புளித்தது, மற்றொன்று ஊசியது.

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் ஊறலின்போதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது லூக்கோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது; வாயுவோ உளுந்தின் பிசுபிசுப்பில் சிறைப்பட்டு மாவைப் பொங்கச் செய்கிறது. மாவில் அமிலம் ஏற ஏற, நோய் தரக்கூடிய பல நுண்ணுயிர்களால் அங்கே தழைக்க முடிவதில்லை. ஆகவே புளிப்பு என்பது மாவுக்குக் கிடைக்கும் காவல்.

அந்தக் காவல் வராத மாவே அஞ்சத்தக்கது. நாங்கள் ஊற்றிய கொதிநீர் புளிக்க வைக்கும் உயிர்களைக் கொன்றிருக்க வேண்டும். ஆனால் அரிசியில் பொதுவாகக் காணப்படும் பேசில்லஸ் வகைகளின் வித்துகள் வெந்நீருக்கு எளிதில் மடிவதில்லை. போட்டிக்கு ஆளில்லாத, புளிப்பில்லாத, இளஞ்சூடான மாவு அவற்றுக்கு வசதியான இடம். அந்த வகைகளுள் ஒன்றான பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. எனவே, ஆவியில் வெந்தால் சரியாகிவிடும் என்னும் வாதம் இங்கே நில்லாது. எங்கள் பாத்திரத்தில் எது வளர்ந்தது என்று சமையலறையில் நின்று அறிய வழியில்லை. நூலும் வாடையும் சொன்னதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நல்ல மாவு எப்படி இருக்கும்? மேற்பரப்பு சற்றே குவிந்து, நுண்ணிய துளைகளோடு காணப்படும். ஓரத்தில் கரண்டியை இறக்கி மெதுவாக விலக்கினால், உள்ளே அடிவரை தேனடை போன்ற கண்ணறைகள் தெரியும். காதை அருகில் கொண்டு சென்றால் மெல்லிய இரைச்சலும் கேட்கும். மணம், காலையில் உறைந்த தயிரையும் மோரையும் ஒத்திருக்கும்; அடியில் உளுந்தின் வாடை லேசாக நிற்கும். கரண்டியிலிருந்து மடிப்பு மடிப்பாக விழுமேயன்றி, பசை போல் நூல் விடாது. மேலே மட்டும் சில பெரிய குமிழ்கள் மிதந்து, உள்ளே கண்ணறையே இல்லாவிட்டால் அதைப் பொங்கிய மாவு என்று கொள்ள வேண்டாம்.

மணம் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. மூடியைத் திறந்தவுடன் ஒருமுறை முகர வேண்டும். அடிவரை கலக்கியபின் மறுபடி முகர வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவானால், குளிர்ச்சி வாடையை மறைத்துவிடும். ஒரு கரண்டி மாவைச் சிறு கிண்ணத்தில் எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு முகர்ந்தால் உண்மை தெரிந்துவிடும். நாக்கில் வைத்துச் சோதிப்பதைத் தவிர்ப்பது நலம்.

பின்னொரு மே மாதத்தில் நாங்கள் நாக்பூரில் இருந்தபோது இதற்கு நேர்மாறான அனுபவம் நேர்ந்தது. இரவிலும் புழுக்கம் தணியாத ஊர் அது. ஒன்பது மணிக்கு வைத்த மாவு, விடியுமுன் மேடையெல்லாம் வழிந்து, பிறகு நடுவில் குழிந்து அமுங்கிவிட்டது. மூக்கை அருகில் கொண்டு சென்றால் காடியின் நெடியும், கள்ளை நினைவூட்டும் வாடையும் சுருக்கென்று ஏறின. பார்ப்பதற்கு இதுவே தில்லி மாவைவிட மோசமாகத் தோன்றியது. மேலே சிறிது நீரும் பிரிந்திருந்தது. ஆனால் இது மிகுதியாகப் புளித்த மாவு, அவ்வளவே. வாயுவை இழந்துவிட்டதால் இட்லி தட்டையாக வரும். எனவே கொஞ்சம் அரிசி மாவு சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாகவும் பணியாரமாகவும் தீர்த்தோம். குறை சொன்னது எங்கள் வீட்டுச் சிறுவன் மட்டுமே; அவன் புளிப்புக்கு எப்போதும் முகம் சுளிப்பவன்.

பிரிந்த நீரை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது என்பதற்கு இவ்விரு பாத்திரங்களுமே சான்று. புளிப்பு மணத்தோடு வந்த நீர் வேறு. புளிப்பே இல்லாமல் கெட்ட வாடையோடு வந்த நீர் வேறு. அழுகிய முட்டை, சாக்கடை, நெடுநாள் சிக்கடித்த வெண்ணெய் இவற்றின் வாடைகளில் எது எழுந்தாலும் புளிப்பு இருக்கிறதா என்று மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சேமித்து வைத்த மாவின் மேல் சீராகப் படரும் சாம்பல் நிறம் பெரும்பாலும் காற்றுப் பட்டு உலர்ந்ததால் வருவது. கலக்கினால் கரைந்துவிடும், மணமும் மாறியிராது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு ஆகிய நிறங்களில் புள்ளியோ, பஞ்சு போன்ற படிவமோ இருந்தால் அது பூஞ்சையோ வேறு வேண்டாத உயிரோ குடியேறியதன் அடையாளம். அந்த இடத்தை மட்டும் கரண்டியால் எடுத்தெறிவதில் பயனில்லை. இளகிய மாவில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை, குழம்பில் இட்ட கரண்டியையே மாவிலும் இட்ட சில நாட்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றின. பாத்திரத்தோடு காலி செய்தோம்.

தில்லியில் அடுத்த வாரம் மீண்டும் அரைத்தோம். இம்முறை கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் நீரைச் சூடாக்கவில்லை. மின் அடுப்பைச் சூடேற்றாமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை அதற்குள் வைத்தோம். காலையில் மாவு பொங்கவில்லை. பச்சை உளுந்தின் வாடை மட்டும் இருந்தது. கெட்ட வாடையில்லை, நூலுமில்லை. அதனால் கொட்டாமல் காத்திருந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மூடியை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு மாவு எழுந்திருந்தது. அன்று இட்லி இரவு உணவாயிற்று.