வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது பெயர்ச்சொல்தான்

"ஐ டிட் எ மிஸ்டேக்" என்ற வாக்கியத்தில் காலமும் சரி, சொல்வரிசையும் சரி. ஆனாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் காதில் அது இடறும். அவர் வாயில் "மேட் எ மிஸ்டேக்" என்றுதான் வரும்.

தமிழர்கள் இந்த இடத்தில் அதிகம் தடுமாறக் காரணம் இருக்கிறது. வேலை, சமையல், தவறு, முடிவு என எல்லாவற்றுக்கும் நமக்கு 'செய்' போதும், பேச்சில் 'பண்ணு'. அந்த ஒரே இடத்தை ஆங்கிலத்தில் 'டூ', 'மேக்' என்ற இரண்டு வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஹோம்வொர்க்கும் ரிசர்ச்சும் 'டூ' பக்கம். டிசிஷன், பிராமிஸ், நாய்ஸ் எல்லாம் 'மேக்' பக்கம்.

புதிதாக ஒன்று உண்டானால் 'மேக்', ஒரு வேலையைச் செய்து முடித்தால் 'டூ' என்று வகுப்பில் சொல்லித்தருவதுண்டு. தொடக்கத்துக்கு நல்ல விதிதான், ஆனால் வெகுதூரம் கூட வராது. காலையில் எழுந்து படுக்கையைச் சரிசெய்வது 'மேக் த பெட்'. அங்கே புதிதாக எதுவும் உண்டாவதில்லை. வெள்ளம் சேதத்தை உண்டாக்குகிறது. அதற்கோ 'டூ டேமேஜ்'.

விதி இப்படி உடைவதற்குக் காரணம், இத்தொடர்களில் வினைச்சொல்லுக்குப் பொருள்கனம் குறைவு என்பதே. 'மேக் எ டிசிஷன்' என்பதில் முடிவெடுக்கும் பொருள் முழுவதும் 'டிசிஷ'னில் இருக்கிறது. 'மேக்' பெரும்பாலும் காலத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே எந்த வினை வர வேண்டும் என்பதைப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. மிஸ்டேக் என்றால் 'மேக்'. கிரைம் என்றால் 'கமிட்'. இந்த ஜோடிகளுக்குப் பெரும்பாலும் காரணம் தேட முடியாது, வழக்கம் அப்படி.

வழக்கம் ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். 'முடிவெடு' என்ற தமிழை மனத்தில் வைத்து 'டேக் எ டிசிஷன்' என்பவர் தவறு செய்யவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது நல்ல வழக்கே. அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'மேக்' என்பார்கள். 'டூ எ டிசிஷன்' மட்டும் இரு நாட்டிலும் செல்லாது.

ஜப்பானில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹரால்ட் பாமர், இத்தகைய தொடர்களைத் திரட்டி 1933-இல் டோக்கியோவில் அறிக்கையாக வெளியிட்டார். இன்று இதற்கென்றே அகராதிகள் உண்டு; ஆக்ஸ்ஃபோர்டின் 'கொலொகேஷன்ஸ் டிக்‌ஷனரி' 2002-இல் வந்தது. அதில் 'மேக்' என்ற சொல்லில் தேடத் தொடங்க வேண்டாம். 'மிஸ்டேக்' என்ற பெயர்ச்சொல்லைப் புரட்டினால், அதனுடன் வரும் வினைகள், 'சீரியஸ்' போன்ற அடைமொழிகள், முன்னால் வரும் 'பை' எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் நோட்டில் 'டிசிஷன் – முடிவு' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அதே வரியில் 'மேக் எ டிசிஷன்' என்று முழுத்தொடரையும் எழுதிக்கொள்ளப் பெற்றோரும் ஆசிரியர்களும் பழக்க வேண்டும்.