கையிருப்பைக் கேட்டால் கேள்வி தானே அவிழும்

ஊட்டச்சத்துப் பாடத்தில் வைட்டமின் அத்தியாயத்துக்கு வந்ததும் மாணவர்கள் முதலில் தேடுவது மனப்பாடக் குறுக்குவழியைத்தான். கொழுப்பில் கரையும் நான்குக்கு 'ஏ, டி, ஈ, கே' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுகிறார்கள். நீரில் கரையும் பி தொகுதிக்கு ஒரு வாக்கியம் வேண்டுமென்றால் தமிழிலேயே கட்டலாம்: 'தம்பி ரயிலில் நிற்க, பாட்டி பையில் பயறு போட்டுக் கொடுத்தாள்.' தயமின், ரைபோஃபிளேவின், நியாசின், பான்டோதெனிக் அமிலம், பைரிடாக்சின், பயோட்டின், போலிக் அமிலம், கோபாலமின் என எட்டும் வரிசையாக வந்துவிடும். எண்களில் 4, 8, 10, 11 ஆகியவை மட்டும் விடுபட்டிருப்பதை நினைவில் வைத்தால் 1 முதல் 12 வரை பொருத்திக்கொள்ளலாம். பொருத்துக பகுதிக்கு இது போதும். ஆனால் 'இரைப்பையை முழுதாக அகற்றி நான்கு ஆண்டுகள் ஆனவருக்கு இரத்தசோகையும் கால் மரமரப்பும் வந்தால் எந்த வைட்டமினைச் சந்தேகிப்பீர்கள்?' என்று கேட்டால் பாட்டியும் தம்பியும் உதவிக்கு வரமாட்டார்கள். அந்தக் கேள்வியின் சாவி 'நான்கு ஆண்டுகள்' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு வைட்டமினின் கையிருப்பு உடலில் எவ்வளவு, தினசரிச் செலவு எவ்வளவு என்று தெரிந்தவர்கள் நோயை மட்டுமல்ல, அது எப்போது வரும் என்பதையும் சொல்லிவிடலாம். கரையும் தன்மையைப் பற்றிப் படிப்பதன் முழுப் பயனும் இதுதான்.

கொழுப்பில் கரைவது, நீரில் கரைவது என்ற பிரிவு 1910களில் எலிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பிறந்தது. வெண்ணெயிலிருந்து பிரித்த ஏதோ ஒன்று இல்லாமல் எலிகள் வளரவில்லை என்று அமெரிக்காவில் மெக்காலமும் டேவிஸும் 1913இல் கண்டார்கள். அதற்குக் 'கொழுப்பில் கரையும் ஏ' என்றும், அரிசித் தவிட்டில் இருந்ததற்கு 'நீரில் கரையும் பி' என்றும் பிறகு பெயர் வந்தது. ஆய்வுக்கூடத்தில் எதைக் கொண்டு பிரித்தெடுக்கலாம் என்பதற்காக வைத்த அடையாளம், உடலுக்குள் அந்தப் பொருள் எங்கே தங்கும் என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. கொழுப்பில் கரைவது குடலில் பித்தநீரின் உதவியோடு உறிஞ்சப்பட்டு, கல்லீரலிலோ கொழுப்புத் திசுவிலோ குதிர் நெல்லைப் போலத் தங்குகிறது. நீரில் கரைவதில் உடலுக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

இந்த வேறுபாட்டை நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். தட்டம்மைத் தடுப்பூசியோடு 9 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் வாயில் ஊற்றுகிறார்கள். பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட். ஆறு மாதத் தேவையை ஒரே வாயில் ஊற்ற முடிவது கல்லீரல் அதை வாங்கி வைத்துக்கொள்வதால்தான். தேவை ஆறு மாதத்துக்கு என்றாலும் இதே வழியில் வைட்டமின் சி கொடுக்க முடியாது. ஒரே வாயில் எவ்வளவு கொடுத்தாலும் ஒரு பகுதி குடலிலேயே உறிஞ்சப்படாமல் போகும், உறிஞ்சப்பட்டதில் மிஞ்சியது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். தங்கும் குணத்தின் மறுபக்கத்தையும் தேர்வில் கேட்பார்கள். வெளியேறாத பொருள் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சாகிறது. ஏ, டி இரண்டின் மிகைக்கும் அறிகுறிகள் பாடப்புத்தகத்தில் தனியாக இருப்பது இதனால்தான்.

எதிர்முனையில் இருப்பது தயமின். உடலில் மொத்தம் ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான் உண்டு, நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் செலவாகிறது. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் இருப்பு வற்றிவிடும். கருவுற்ற பெண் மூன்று வாரமாகச் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுக்கிறார், குளுக்கோஸ் மட்டும் ஏற்றுகிறார்கள், கண் அசைவு தடுமாறி நடை தள்ளாடுகிறது என்றால், விடை தயமின் பற்றாக்குறை. குளுக்கோஸை எரிக்கத் தயமின் தேவை. மீந்திருந்த கொஞ்சத்தையும் அந்தச் சொட்டு செலவழித்துவிடுகிறது. அதனால்தான் முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ் என்கிறார்கள். பெரிபெரி தீட்டிய பச்சரிசியை மட்டும் நம்பியிருந்த மக்களை வாட்டியதும், புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அவ்வளவாகத் தொடாததும் இதே கணக்குதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி நீரோடு அரிசிக்குள் இறங்கி, தீட்டிய பிறகும் தங்கிவிடுகிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். பி12 நீரில் கரைவதுதானே, அது ஏன் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது? வைட்டமின் கே கொழுப்பில் கரைவதுதானே, அது ஏன் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகிறது? அப்படியானால் இந்தப் பிரிவே பொய்யா? பிரிவு பொய்யில்லை, அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். இருப்பைச் செலவால் வகுத்துப் பார்ப்பவருக்கு விதிவிலக்கும் கணக்குக்குள்ளேயே அடங்கும். கல்லீரலில் பி12 இரண்டு மூன்று மில்லிகிராம் இருக்கிறது, தினத் தேவையோ இரண்டு மைக்ரோகிராம் அளவு. வகுத்தால் ஆயிரம் நாளுக்கு மேல். இரைப்பை போனவருக்கு பி12ஐ உறிஞ்சத் துணைநிற்கும் புரதம் சுரக்காது என்றாலும், நோய் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே வருவது இதனால்தான். போலிக் அமிலத்தின் இருப்பு மூன்று நான்கு மாதத்துக்குத்தான் வரும். இரண்டிலும் சிவப்பணு பெரிதாகிற இரத்தசோகைதான் வருகிறது. காலமும் நரம்புக் கோளாறும் சேர்ந்தால் பி12 என்று பிரித்தறியலாம்.

வைட்டமின் கே விஷயத்தில் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். பித்தக்கல் குழாயை அடைத்ததால் சில வாரமாக மஞ்சள் காமாலை, மலம் வெளிறிப் போகிறது. அறுவைக்கு முன் பார்த்தால் இரத்தம் உறைய அதிக நேரமாகிறது. பித்தநீர் குடலுக்கு வராததால் நான்கு வைட்டமினுமே உறிஞ்சப்படவில்லை. ஆனால் மாலைக்கண் நோயோ எலும்பு வலியோ இன்னும் வரவில்லை, ஏயும் டியும் கிடங்கில் இருக்கின்றன. கையிருப்பு சிறிதாக உள்ள கே முதலில் தீர்ந்ததால், அதை நம்பிக் கல்லீரல் தயாரிக்கும் உறைதல் காரணிகள் செயலிழந்தன. மாத்திரை கொடுத்தால் பித்தநீர் இல்லாமல் அதுவும் சேராது. எனவே ஊசி. மறுநாள் உறையும் நேரம் சீரானால் கல்லீரல் நன்றாகத்தான் இருக்கிறது, குற்றம் அடைப்பில்தான் என்று தெரியும். ஊசிக்குப் பிறகும் சீராகவில்லையென்றால் கல்லீரல் செல்களே கெட்டிருக்கின்றன. ஒரே ஊசி மருந்தாகவும் சோதனையாகவும் பயன்படுகிறது.

ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஓடும் தேர்வில் வகுத்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்பார்கள். உண்மைதான், பெயர்ப் பட்டியலுக்கு வாக்கியமே வேகமான வழி. ஆனால் வகுக்க வேண்டியவை மிகக் குறைவு: தயமின் வாரங்கள், சி ஒன்று முதல் மூன்று மாதம், போலிக் அமிலம் மூன்று நான்கு மாதம், ஏ பல மாதங்கள், பி12 ஆண்டுகள், கே மட்டும் எதிர்பாராமல் சில வாரம். பெயரோடு நோயைக் கோத்துப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஈ என்றால் மலட்டுத்தன்மை' என்ற வரி, 1922இல் ஈவன்ஸும் பிஷப்பும் எலிகளில் கண்டதிலிருந்து வந்தது. மனிதர்களில் ஈ குறைந்தால் முதன்மையாகத் தெரிவது சிவப்பணு சிதைவதும், நரம்பு பாதித்து நடை தடுமாறுவதும்தான். அதுவும் சாப்பாட்டுக் குறையால் அல்ல, கொழுப்பை உறிஞ்ச முடியாத நோய்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பள்ளித் தேர்வில் மலட்டுத்தன்மைக்கு மதிப்பெண் கிடைக்கும். மருத்துவம், உணவியல் படிப்புத் தேர்வுகளில் நரம்பைப் பற்றித்தான் கேட்பார்கள்.