வழக்க வினையும் காட்சித் தலைப்பும்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'கடசிராத்தம்' என்னும் கன்னடக் கதையைக் கிரீஷ் காசரவள்ளி 1977-இல் திரைப்படமாக்கினார். கதை இவ்வாறு திரைக்கதையாகும்போது முதலில் இடறுவது வினையின் காலமே. விளக்கத்திற்காக நாமே ஒரு தொடரை அமைத்துக்கொள்வோம்:

"மாலைதோறும் அக்கா ஆற்றுக்குப் போவாள், நேரமாகிவிட்டது என்று பாட்டி கடிந்துகொள்வாள்."

'போவாள்' வடிவில் எதிர்காலம். இங்கே குறிப்பதோ இறந்தகால வழக்கம். காட்சித் தலைப்பு உள் அல்லது வெளி, இடம், பொழுது என்னும் மூன்றையே ஏற்கும். 'மாலைதோறும்' அதில் அடங்காது. ஆகவே ஒரு மாலையைத் தெரிந்தெடுக்க வேண்டும். வினை நிகழ்காலமாகும்.

வெளி – படித்துறை – மாலை

படியில் குடம் வைத்து வைத்துத் தேய்ந்த குழி. அக்கா பாராமலே அதில் குடத்தை வைக்கிறாள்.

உள் – வீட்டுக்கூடம் – இருட்டும் நேரம்

அக்கா நுழைகிறாள்.

பாட்டி
(கடிந்து)
இன்னைக்கும் இவ்வளவு நேரமா?

'என்று' மறைந்து, பேசுபவர் பெயர் உரையாடலுக்கு மேலே தனிவரியாயிற்று. 'கடிந்துகொள்வாள்' அடைப்புக்குறிக்குள் சுருங்கியது. நடிப்பவருக்குத் தெளிவெனில் அதையும் நீக்கலாம். இழந்த வழக்கப் பொருளைப் படியின் குழியும் 'இன்னைக்கும்' என்பதன் உம்மையும் மீட்கின்றன. ஆனால் அவ்வும்மை காட்சிதோறும் வருமாயின், பாட்டி பேசுவது பேத்தியிடமன்று, பார்வையாளரிடம் என்பது வெளிப்பட்டுவிடும்.