பெருங்காயத்தில் ஒளிந்திருக்கும் கோதுமை

வீட்டில் செய்து விற்கும் இட்லிப்பொடியின் லேபிளில், சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி எழுத வேண்டும். உளுந்து 500 கிராம், கடலைப்பருப்பு 250, மிளகாய் 120, எள் 100, உப்பு 60, பெருங்காயம் 10 என்றால் அதே வரிசைதான்.

கடைசியில் வரும் பெருங்காயம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். அளவு சிறிதானாலும் கோதுமை ஒவ்வாதவருக்கு அது ஆபத்து. எனவே டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டு, ‘கோதுமை உள்ளது’ என்று தனி வரியில் எழுதுவது அவசியம். பெருங்காயம் சேர்த்த ஊறுகாய்க்கும் இதே விதி. அதே வாணலியில் வேர்க்கடலை வறுபட்டால், ‘வேர்க்கடலைத் துகள் இருக்கலாம்’ என்பதையும் சேர்க்கலாம். எள்ளும் கடுகும் இந்திய விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் எள் பலருக்கு ஒவ்வாது, சொல்லிவிடுவதே நேர்மை.

தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் கட்டாயம். காலாவதியை ஊகித்து எழுதக் கூடாது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பொட்டலத்தை எடுத்துவைத்து வாரந்தோறும் முகர்ந்தால், எள்ளின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும் வாரம் தெரியும். தேதி அதற்கு வெகு முன்பே முடிய வேண்டும். ஊறுகாயில் கவனிக்க வேண்டியது, எண்ணெய்க்கு மேலே துருத்தும் துண்டில் படரும் பூஞ்சை.