ஏழு பருவத்தை ஒரே தாவலில்

இரண்டு நெல் ரகங்களை ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறைப் பயிர் ஒரே சீராக நிற்கும். அதன் விதையை மறுபடி விதைத்தால்தான் வயல் கலைந்துபோகும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்தும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வேறுபட்ட மரபணு வடிவங்கள் இணைந்திருப்பதே இதற்குக் காரணம். தன்மகரந்தச் சேர்க்கையில் இந்தக் கலப்பு தலைமுறைக்குப் பாதியாகக் குறையும்: ஐம்பது விழுக்காடு, இருபத்தைந்து, பன்னிரண்டரை என்று. விதைத்தால் மாறாத தூய வரிசை கிடைக்க ஆறேழு தலைமுறை ஆகும். ஆண்டுக்கு ஒரு பருவம் என்றால் ஆறேழு ஆண்டு.

இந்தக் காத்திருப்பைத் தாண்டும் வழி மகரந்தத்தூளில் இருக்கிறது. நெல்லின் உயிரணுவில் 24 குரோமோசோம்கள், அதாவது 12 சோடிகள். மகரந்தத்தூளிலோ 12 மட்டும், ஒவ்வொன்றும் ஒற்றை. அந்தத் தூளிலிருந்தே ஒரு செடியை வளர்த்து, அதன் 12 குரோமோசோம்களையும் அப்படியே இரட்டித்துவிட்டால் சோடியின் இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாகும். ஒரே தலைமுறையில் முழுத் தூய்மை. தூளிலிருந்து செடி வரும் என்பதை 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி.மகேஸ்வரியும் ஊமத்தையில் காட்டினார்கள். 1968-இல் ஜப்பானியர் நெல்லில் செய்தனர்.

பார்க்க எளிது; பக்குவம்தான் கடினம். முதல் தலைமுறைச் செடியின் கதிர் உறைக்குள் இருக்கும்போதே அறுக்க வேண்டும். தூளுக்குள் ஒற்றை உட்கரு மட்டும் இருக்கும் கட்டம் அது. கண்ணாடி இலையின் அடிப்பகுதி அதற்குக் கீழுள்ள இலையைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துக் கணிப்பார்கள். பிறகு ஒரு மகரந்தப்பையை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் சரிபார்ப்பார்கள். கதிரைச் சுமார் ஒரு வாரம் 8 முதல் 10 டிகிரிக் குளிரில் வைத்தால், தூள் வழக்கமான பாதையை விட்டு விலகிப் பிரியத் தொடங்கும். பைகளை ஊட்டக்கூழில் இட்டு இருட்டில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் திசுக்கட்டி அரும்பும். அதை வேறு கூழுக்கு மாற்றி ஒளியில் வைத்தால் நாற்று வரும்.

வந்த நாற்றெல்லாம் உதவாது. பல வெள்ளை வெளேரென்று முளைத்துச் சாகும், பச்சையமே இருக்காது. பச்சையாக வருபவற்றில் ஒற்றைக் குரோமோசோம் செடிகள் குட்டையாக, மெல்லிய இலையோடு நிற்கும். பூக்கும், மணி பிடிக்காது. நெல்லில் ஏறக்குறையப் பாதி தானாகவே இரட்டித்துவிடும். மற்றவற்றுக்குக் கொல்கிசின் கொடுக்கலாம். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரு புறமும் இழுக்கும் இழைகளை அது கட்டவிடாது. நம் செங்காந்தள் விதையிலும் கிழங்கிலும் உள்ள அதே நஞ்சு!

இன்னொரு ஏமாற்று உண்டு. தூளுக்குப் பதில் பையின் சுவரிலிருந்தே செடி முளைத்துவிடும். அது நன்றாக மணி பிடிக்கும், ஆனால் தாய்ச்செடியின் நகல்தான். அதன் விதையை விதைத்தால் வயல் மறுபடி கலைந்துவிடும். மரபணுச் சோதனையில் இரு பெற்றோரின் குறிகளும் ஒரே இடத்தில் தெரிந்தால், முளைத்தது சுவரிலிருந்து என்று பொருள்.

உவர் தாங்கும் நெல்லுக்காகப் பிலிப்பைன்ஸில் இதைச் செய்தார்கள். உப்பைத் தாங்குவது ஒரே மரபணுவின் வேலை அல்ல. தனித்தனியாகப் பிரியும் நான்கு மரபணுக்களின் நல்ல வடிவமும் தூய நிலையில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறை வயலில் 256 செடிகளுக்கு ஒன்றுதான் அப்படி அமையும். மகரந்தத்திலிருந்து வந்து இரட்டித்த செடிகளில் 16-க்கு ஒன்று. ஆண்டுகள் மிச்சமாவதோடு தேட வேண்டிய கூட்டமும் சுருங்குகிறது; எனக்கு இரண்டாவதே பெரிய லாபமாகத் தெரிகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இரண்டு இண்டிகா ரகங்களை ஒட்டி, இந்த வழியில் பெற்ற ஒரு வரிசை 1995-இல் பிஎஸ்பி ஆர்சி 50, அதாவது ‘பிக்கோல்’, என்ற பெயரில் அங்கே வெளியானது.

இண்டிகா என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிக்கா நெல் ஊட்டக்கூழுக்கு எளிதில் இணங்கும். நாம் அதிகம் உண்ணும் இண்டிகாவில் திசுக்கட்டியும் குறைவு, பச்சை நாற்றும் குறைவு. இன்னொரு குறையும் உண்டு. வழக்கமான முறையில் தலைமுறைதோறும் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும். இங்கே அதற்கு ஒரே வாய்ப்புதான். அருகருகே ஒட்டியிருக்கும் நல்ல மரபணுவையும் கெட்ட மரபணுவையும் பிரிப்பது அரிது. அப்படிப்பட்ட நேரத்தில் சிலர் இரண்டாம் தலைமுறைவரை பொறுத்திருந்து அதன் மகரந்தப்பையை எடுக்கிறார்கள்.

பல ஊர்களில் பல பருவம் விதைத்துப் பார்க்கும் விளைச்சல் சோதனை மட்டும் இதனால் ஒரு நாளும் குறையாது.