நான்கு பேர், ஒரு மாஸ்டர் ஸ்லைடு

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி பிரசன்டேஷன் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீர்வரத்து, பறவைகள், குப்பைக் கிடங்கு, தீர்வுகள் என்று ஆளுக்கு நான்கு ஸ்லைடு. நான்கு ஃபைல்களையும் ஒன்றாகச் சேர்த்ததும் வேறுபாடுகள் பளிச்சென்று தெரிகின்றன. ஒரு ஸ்லைடில் தலைப்பு 44 புள்ளி, அடுத்ததில் 32. ஒருவருடைய வரைபடத்தில் தண்ணீர் நீலம், இன்னொருவருடையதில் பச்சை. உடனே யாராவது ஒருவர் பதினாறு ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அளவையும் நிறத்தையும் கையால் மாற்றத் தொடங்குவார். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் ஆசிரியர் "எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்று சொன்னால் மறுபடியும் பதினாறு ஸ்லைடு.

இதற்கான காரணம் ஃபைலுக்குள் இருக்கிறது. பவர்பாயின்ட்டின் .pptx என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி ஒன்று எடுத்து, அதன் பெயரின் வாலை .zip என்று மாற்றித் திறந்தால், ppt என்ற ஃபோல்டருக்குள் slides, slideLayouts, slideMasters என்று தனித்தனி ஃபோல்டர்கள் தெரியும். நாம் எதையும் தொடாதவரை, ஸ்லைடு தன் எழுத்தளவைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. லேஅவுட்டைக் கேட்கிறது, அங்கே இல்லையென்றால் லேஅவுட் மாஸ்டரைக் கேட்கிறது. கையால் அளவை மாற்றிய நொடியில் அந்த வரிக்கு மட்டும் சொந்தக் குறிப்பு ஒன்று ஏறிவிடுகிறது:

```xml
<a:rPr lang="ta-IN" sz="1400">
  <a:solidFill><a:srgbClr val="FF0000"/></a:solidFill>
</a:rPr>
```

1400 என்பது 14 புள்ளி. புள்ளியில் நூறில் ஒரு பங்குதான் இங்கே அலகு. FF0000 சிவப்பு. இந்தக் குறிப்பு இருக்கும்வரை மாஸ்டரில் எதை மாற்றினாலும் இந்த வரி அசையாது. ஆகவே கையால் செய்த ஒவ்வொரு திருத்தமும் அந்த வரியை மாஸ்டரின் பிடியிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. ஸ்லைடில் சொற்கள் மட்டும் இருக்க வேண்டும், அளவும் நிறமும் மாஸ்டரில் இருக்க வேண்டும் என்பதே சீரின் அடிப்படை.

அதனால் நான்கு பேரும் எழுதத் தொடங்கும் முன்பே ஒருவர் மட்டும் View மெனுவில் Slide Master திறந்து அளவுகளை முடிவு செய்துவிட வேண்டும். இடப்பக்கம் மேலே பெரிதாகத் தெரிவது மாஸ்டர். அதன் கீழே வரிசையாக நிற்பவை லேஅவுட்டுகள். மாஸ்டரில் தலைப்புக்கு 36, முதல் நிலை வரிகளுக்கு 24, உள்வரிகளுக்கு 20 என்று மூன்று அளவுகள் போதும். தமிழுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. தீமில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனித்தனி ஃபான்ட் பதிவாகியிருக்கிறது. வழக்கமான ஆஃபிஸ் தீமில் தமிழுக்கு Latha இருக்கும். ஆங்கில ஃபான்ட்டை மாற்றியதால் தமிழ் எழுத்தும் மாறிவிடும் என்று நம்ப முடியாது. மாஸ்டரில் Nirmala UI போல விண்டோஸுடனேயே வரும் ஃபான்ட்டை வைத்து, ஒரு ஸ்லைடில் ஒரு தமிழ் வரி தட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஃபைலை மற்ற மூவருக்கும் அனுப்பலாம்.

24 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. அகலத் திரைக்கான ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. வகுப்பறைத் திரையின் உயரம் 120 செ.மீ. என்றால் 24 புள்ளி அங்கே சுமார் 5.3 செ.மீ. ஆகிறது. மேலேயும் கீழேயும் நீளும் குறிகளை விட்டுவிட்டால், 'ப' போன்ற எழுத்தின் உடலுக்கு அதில் ஏறக்குறைய பாதி, 2.7 செ.மீ. கிடைக்கும். கண் மருத்துவரின் பலகையில் 6/6 வரி எழுத்து, வட்டத்தின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு கோணத்தை அடைக்கிறது. எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் கடைசி பெஞ்சுக்கு அது 1.2 செ.மீ. உயரம். பார்வை 6/12 ஆக இருந்தும் கண்ணாடி போடாத பிள்ளைக்கு அதைப்போல் இரு மடங்கு, 2.3 செ.மீ. வேண்டும். 24 புள்ளி இதைத் தாண்டிவிடுகிறது. 14 புள்ளியில் எழுத்தின் உடல் 1.6 செ.மீ.தான், நல்ல பார்வை உள்ளவரே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த அளவைச் சத்தமில்லாமல் குலைப்பது AutoFit. வரிகள் பெட்டிக்குள் அடங்காதபோது அது எழுத்தைத் தானாகவே சுருக்கிவிடும். மாஸ்டரில் உரைப்பெட்டியின் Format Shape பகுதிக்குப் போய் Do not Autofit வைத்துவிட்டால், எழுத்து சுருங்காமல் பெட்டிக்கு வெளியே வழியும். வழிவது நல்லது, அந்த ஸ்லைடை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

நிறத்துக்கும் இதே ஏற்பாடுதான். தீமில் பன்னிரண்டு நிற இடங்கள் உண்டு. நம் நால்வருக்கு நான்கு போதும்: வெள்ளைப் பின்னணி, கருநீல எழுத்து, தண்ணீருக்கு நீலம், குப்பைக் கிடங்குக்கு ஆரஞ்சு. சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைக்கும் நீலமும் ஆரஞ்சும் பொதுவாக வேறுபட்டே தெரியும். ஆரஞ்சை வரைபடத்தின் பரப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்; வெள்ளைமேல் ஆரஞ்சு எழுத்து மங்கிவிடும். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. கறுப்பு என்று நாம் காண்பது வெளிச்சம் விழாத திரைதான். புரொஜெக்டரின் வெள்ளை 100 அலகு வெளிச்சம் என்றும், டியூப்லைட் திரையெங்கும் 25 அலகு சேர்க்கிறது என்றும் வைத்துக்கொண்டால், வெள்ளை 125, கறுப்பு 25, ஐந்துக்கு ஒன்று. கணினியில் அழகாகத் தெரிந்த, 40 அலகு வீசும் சாம்பல் எழுத்து இப்போது 65 ஆகிவிடும். வெள்ளைக்கும் அதற்கும் இரண்டுக்கு ஒன்று வித்தியாசம்கூட மிஞ்சாது.

இனி நான்கு ஃபைல்களையும் சேர்க்கலாம். ஒட்டும்போது Use Destination Theme தேர்ந்தெடுக்க வேண்டும். Keep Source Formatting கொடுத்தால் அந்த ஃபைலின் மாஸ்டரும் கூடவே வந்துவிடும். Slide Master காட்சியில் இரண்டாவது பெரிய படம் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கையால் மாற்றிய எழுத்தளவு எப்படி ஒட்டினாலும் கூடவே வரும். அந்த ஸ்லைடில் Home பகுதியின் Reset அழுத்தினால் எழுத்து மாஸ்டரின் அளவுக்குத் திரும்பும். வேண்டுமென்றே போட்ட நிறமும் அதோடு போகலாம் என்பதால் பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். Insert வழியாகச் சேர்த்த Text Box மட்டும் Reset-க்கு அடங்காது, ஏனென்றால் அதற்கு லேஅவுட்டில் இடமே கிடையாது. அவற்றைப் பிடிக்க View பகுதியில் Outline View இருக்கிறது. ஸ்லைடில் தெரிகிற வரி அங்கே தெரியவில்லையென்றால் அது தனியாகப் போட்ட பெட்டி. சொற்களை வெட்டி லேஅவுட்டின் இடத்தில் ஒட்டிவிட்டு, பெட்டியை நீக்கிவிடலாம்.

நிறங்களைச் சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு. தீமில் நீலத்தை ஒரு நிமிடம் கண்ணைக் கூசும் ரோஜா நிறமாக மாற்றிவிட்டு, பதினாறு ஸ்லைடுகளையும் புரட்டிப் பாருங்கள். மாறாமல் நீலமாகவே நிற்பவை தீமுக்கு வெளியே போனவை. அவற்றில் ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டிய வரைபடமும் இருக்கலாம். அது வெறும் படம் என்பதால் எந்த மாஸ்டரும் அதைத் திருத்த முடியாது. எண்களை வாங்கி ஃபைலுக்குள்ளேயே புதிதாக வரைவதுதான் வழி. மற்றவற்றுக்கு நிறப் பட்டியலின் Theme Colors வரிசையிலிருந்து நீலத்தைக் கொடுத்துவிட்டு, ரோஜாவை மறக்காமல் பழைய நீலத்துக்கு மாற்றிவிடுங்கள்.